ஆயிரமாவது வீட்டுக்கு ஒரு நன்றி

தலைவர் அண்ணாச்சி அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருக்கும் கோவில்பட்டி வணிகப் பெருமக்களே, அவர்களை நம்பாமல் கூடவே வந்திருக்கும் அவர்கள் வீட்டம்மாக்களே, வணக்கம்.

எனக்கு எழுதிக் கொடுத்திருக்கும் தலைப்பு 'வாடிக்கையாளர் உறவு'. அதைப் பற்றிப் பேச நான் யார்? நான் வாங்குகிற ஆள். விற்கிற ஆள் ஒருத்தி உங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிற தங்கச்சி. பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் எழுந்து போய்விடுவாள். ஆனால் அவள் அனுப்பிய ஒரு வீடியோவைப் பற்றிச் சொல்லாமல் நான் இறங்கப்போவதில்லை.

போன மாதம் அவளுக்கு ஆயிரம் வாடிக்கையாளர் ஆனது. எந்த ஆயிரம் என்று கேளுங்கள். பில் புத்தகத்தில் ஆயிரம் எப்போதோ தாண்டியாகிவிட்டது. கடை திறந்த முதல் வருஷமே தாண்டியது. மகன் ஓடிவந்து, "அம்மா, ஆயிரமாச்சு, கேக் வெட்டுவோம்" என்றானாம். அவள் நோட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். அந்த ஆயிரம் பில்லில் முன்னூறு வீடுகூட இல்லை. ஒரே வீடு மாசத்துக்கு மூன்று தடவை வந்தால் மூன்று பில். வந்தது என்னவோ ஒரு வீடுதானே? "பில்லுக்கு நன்றி சொல்ல முடியாதுடா, வீட்டுக்குத்தான் சொல்ல முடியும்" என்று காத்திருந்தாள். பற்று நோட்டில் வீடு வீடாக எண்ணி, ஊரைவிட்டுப் போனவர்களை அடித்து, ஒரே வீட்டில் மாமியார் தனி, மருமகள் தனி என்று இரண்டு பெயர் இருந்தால் ஒன்றாக்கி, அப்புறம்தான் ஆயிரம்.

நம் ஊர் பைபாஸில் ஒரு பலகை இருக்கிறது. எந்தக் கடை என்று நான் சொல்லவில்லை, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? 'அரைக் கோடி வாடிக்கையாளர்களுக்கு நன்றி'. ஐயா, கைக்குழந்தையைச் சேர்த்து எண்ணினாலும் நம் ஊர் ஒரு லட்சத்துக்குப் பக்கம்தான் வரும். மிச்சப் பேர் எங்கிருந்து வந்து துணி எடுத்தார்கள்? அட, துணி என்று சொல்லிவிட்டேனா? சரி, விடுங்கள். அந்தப் பலகையில் வாடிக்கையாளர் ஒருத்தர் முகமாவது இருக்கிறதா? முதலாளி முகம், முதலாளி மகன் முகம், கீழே பண்டிகைத் தள்ளுபடி. நன்றி என்ற எழுத்தைவிடத் தள்ளுபடி என்ற எழுத்து பெரிசு!

தங்கச்சி வீடியோவுக்கு வருகிறேன். ஒரு நிமிஷமும் சொச்சமும் ஓடும். செக்கு அறையில் நின்று பேசுகிறாள், செக்கு ஓடவில்லை. ஏனென்று கேட்டேன். "மோட்டார் ஓடினால் நான் பேசுறது யாருக்குண்ணே கேட்கும்?" என்றாள். மதியம் மோட்டாரை நிறுத்தி, மின்விசிறியையும் அணைத்து, வாசலைப் பார்த்து நின்றிருக்கிறாள். வெளிச்சம் முகத்தில் விழுகிறது. வாசல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்து, ஆள் நிழலாகத்தான் தெரியும். காதில் மாட்டுகிற ஒயரின் மைக்கைச் சேலைத் தலைப்பில் செருகியிருக்கிறாள். செலவு அவ்வளவுதான். டிரோன் இல்லை, பாட்டு இல்லை. பாட்டு போடவேண்டாம் என்று நான்கூடச் சொல்வேன். சினிமாப் பாட்டை வியாபாரக் கணக்கில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினை வந்து சத்தத்தையே எடுத்துவிடுவான். அப்புறம் ஊமைப்படம்தான்.

முதலில் தாளில் எழுதிப் படித்திருக்கிறாள். கண் இடமும் வலமும் ஓடுகிறது, பள்ளிக்கூட ஒப்பித்தல் மாதிரி இருக்கிறது. தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காலண்டர் பின்பக்கத்தில் மூன்றே வார்த்தை எழுதிக்கொண்டாள். பொங்கல், கேன், தூக்குச்சட்டி. மூன்றும் மூன்று வாடிக்கையாளர். அந்த வீடியோவே இவ்வளவுதான்.

பொங்கல் என்றால் தைப்பொங்கல் இல்லை. கடை தொடங்கிய புதிதில் ஒரு அக்கா கடலை எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். "தாயி, வடை போட்டால் நுரைத்துப் பொங்கி அடுப்பில் வழியுது. எண்ணெயா இது?" கலப்படம் இல்லை, சத்தியமாக இல்லை. பிறகு என்ன? செக்கில் ஆட்டி வடித்த எண்ணெயில் பருப்பின் பொடியும் கொஞ்சம் ஈரமும் தங்கியிருக்கும். அதை அப்படியே கேனில் ஊற்றி விற்றால் சட்டியில் சூடேறும்போது ஈரம் ஆவியாகும், கசடு நுரையைப் பிடித்து நிறுத்தும், பொங்கும். இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, அடியைக் கலக்காமல் மேலாக இறுத்தால் அந்தப் பொங்கல் அடங்கும். பரம்பரைச் செக்கு வீடுகளில் இது குழந்தைக்கும் தெரியும். இவள் பரம்பரைக்காரி இல்லை, மில் வேலை போனபிறகு கடன் வாங்கிச் செக்கு போட்டவள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும் என்பதையே கைக்காசு போட்டுத்தான் கற்றாள்.

வீடியோவில் அவள் சொன்னதை என் வாயால் சொல்கிறேன்: "நாலு தெரு தள்ளி இருக்கிற ஒரு அக்கா எண்ணெய் பொங்குதுன்னு திருப்பிக் கொண்டுவந்தாங்க. சண்டை போடல. உட்கார்ந்து, எங்க அம்மா வெயில்ல வெச்சு இறுப்பாங்கன்னு சொல்லிக்கொடுத்தாங்க. அன்னையிலிருந்து இறுத்துத்தான் ஊத்துறேன். அக்கா, நன்றி."

அவ்வளவுதான், நிறுத்திவிட்டாள். இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கும்: 'அதனால்தான் எங்கள் எண்ணெய் ஊரிலேயே சுத்தமானது.' அதைச் சொன்ன நொடியில் அந்த அக்கா காணாமல் போய்விடுவார். அதுவரை அக்காவின் கதை, அதற்கப்புறம் உங்கள் கடை விளம்பரம். தங்கச்சியும் முதலில் அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் எடுத்திருக்கிறாள். போட்டுப் பார்த்த மகன், "இது விளம்பரம்மா" என்றிருக்கிறான். வெட்டிவிட்டாள். நீங்களும் சோதித்துப் பாருங்கள். வீடியோவிலிருந்து வாடிக்கையாளரை எடுத்துவிடுங்கள். எடுத்தபிறகும் அது கம்பீரமாக நின்றால் அது விளம்பரம். பொத்தென்று விழுந்தால் நன்றி!

கை தட்டாதீர்கள், கேன் இன்னும் வரவில்லை. ஒரு டீக்கடை அண்ணன், வாய் அகலமான கேன் கேட்டு, காலி கேனைத் தானே வெந்நீரில் கழுவி, ஈரம் போகக் காயவைத்துத் திருப்பித் தருகிறவர். அவருக்கு ஒரு வரி. தூக்குச்சட்டி, எழுபது வயசு தாண்டிய ஒரு ஆச்சி. நல்லெண்ணெய்க்கு எள்ளோடு எவ்வளவு கருப்பட்டி போடவேண்டும் என்று செக்குப் பக்கத்திலேயே நின்று கை அளவு காட்டியவர். வீடியோவில் உங்களைக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, "என் மூஞ்சி எதுக்குட்டீ, என் சட்டியைக் காட்டு" என்றிருக்கிறார். சட்டியைத்தான் காட்டினாள், நசுங்கிய மூடியோடு. பார்த்தவர்கள் எல்லாரும் "இது ஆச்சி சட்டில்லா" என்று கண்டுபிடித்துவிட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் கேட்டாள் பாருங்கள். வீட்டு எண்ணும் கைபேசி எண்ணும் தெரியும்படி பில்லைக் காட்டி நன்றி சொல்கிற கடைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் விலையில்லை, போன் நம்பர் இல்லை, 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' இல்லை. "கூப்பனாவது போட்டிருக்கலாமே" என்று நம் சங்கத்து நண்பர் ஒருத்தர் என்னிடம் கேட்டார். அவருக்காக ஒன்று சொல்கிறேன்.

செக்கு என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவார்? இங்கேயிருந்து எவ்வளவு தூரம் ஒட்டப்பிடாரம்? கோவைச் சிறையில் செக்கிழுத்த அந்த மனிதர், அதற்கு முன்னால் 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தான். குறைத்தும் கூட்டம் வரவில்லை. கடைசியில் சும்மாவே ஏறிக்கொள், கூடவே ஒரு குடையும் வாங்கிக்கொள் என்றான்! பயணிமேல் பிரியத்தாலா குடை? சிதம்பரனார் கப்பலைக் கரையேற விடக்கூடாது என்பதற்குக் குடை! நன்றி சொல்லிவிட்டு அடியில் கூப்பன் ஒட்டுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் குடைதான் ஞாபகம் வருகிறது. தள்ளுபடி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? வேறொரு நாள் கொடுங்கள். நன்றி சொல்கிற நாளில் குடையை விரிக்காதீர்கள்!

அனுப்பியதிலும் ஒரு விஷயம் உண்டு. ஆயிரம் பேரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒருத்தர் நம்பர் எல்லாருக்கும் தெரியும், ராத்திரி பத்து மணிக்கு யாராவது குட்மார்னிங் போடுவான். அவள் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டாள். ஒரு பட்டியலில் 256 பேர், அதனால் நாலு பட்டியல். பார்த்தால் ஏகப்பட்ட பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. நம்மிடம் அவர்கள் நம்பர் இருந்தால் போதாது, அவர்கள் போனில் நம் நம்பர் பதிந்திருந்தால்தான் பிராட்காஸ்ட் போகும். அனுப்பிய செய்தியின் விவரத்தைத் திறந்தால் யாருக்குச் சேர்ந்தது என்று தெரியும். சேராதவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினாள். பட்டன் போன் வைத்திருக்கிறவர்கள் எண்ணெய்க்கு வரும்போது கல்லாவிலிருந்து போனை எடுத்துப் போட்டுக் காட்டினாள். ஆச்சி அப்படித்தான் பார்த்தார். சட்டி வந்த இடத்தில் மறுபடி போடச் சொன்னாராம்.

வியாபாரம் கூடியதா என்று கணக்குப்பிள்ளைகள் கேட்பீர்கள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பதில் நிறைய வந்ததாம். பாதிக்குமேல் கும்பிடு, பூ, இதயம். ஒன்றே ஒன்று அந்தப் பொங்கல் அக்காவிடமிருந்து: "பார்த்தேன் தாயி. போன வாரக் கேன்ல அடியில கசடு கிடக்கு." தங்கச்சி பதிலுக்கு வீடியோ போடவில்லை. கேனை மாற்றிக் கொடுத்தாள்.

தலைவர் அண்ணாச்சி இரண்டாவது துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். அடுத்துப் பேசப்போகிறவர் அந்த அரைக் கோடிக் கடைக்காரருக்குச் சொந்தம் என்று இப்போதுதான் அதில் எழுதியிருக்கிறது. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாச்சி? வணக்கம்.