சட்டத்தை மதிப்பது மார்க்கக் கடமையா?

(கொடைக்கானலில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மலையில் கடை வைத்திருப்பவர்களும் விடுதி நடத்துபவர்களும் வாகனம் ஓட்டுபவர்களும் என் எதிரில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். 'இது இஸ்லாமிய அரசு அல்ல. குர்ஆனை வைத்து இங்கே சட்டம் போடவில்லை. அப்படியிருக்க, இந்தச் சட்டத்தை மீறினால் அபராதம் வரலாம். பாவம் எப்படி வரும்?' இளைஞர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், மின்சாரம் திருடினால்கூட அது அரசாங்கத்தின் சொத்துதானே என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில், திருக்குர்ஆன் 4:59 வசனம். அல்லாஹ்வுக்கும் தூதருக்கும் உங்களில் அதிகாரம் உடையோருக்கும் கட்டுப்படுங்கள் என்ற கருத்துடைய வசனம் அது. ஆனால் அந்த வசனத்தில் 'மின்கும்', அதாவது 'உங்களிலிருந்து' என்ற சொல் இருக்கிறது. முஸ்லிம் ஆட்சியாளர்களையும் மார்க்க அறிஞர்களையும்தான் அது குறிக்கும் என்று விரிவுரையாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஒரு இளைஞன் எழுந்து, 'மாவட்ட ஆட்சியர் உலில் அம்ராகிவிடுவாரா?' என்று கேட்டால், அவனை அதட்டி உட்கார வைப்பது பதில் ஆகாது. அவன் கேட்பது நியாயமான கேள்வி. நமக்கு இங்கே வேண்டிய ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது.

வாக்குறுதியே அடிப்படை

ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வசனம், இறைநம்பிக்கையாளர்களே, ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று தொடங்குகிறது. எதிரே இருப்பவர் முஸ்லிமாக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

ஹுதைஃபா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி முஸ்லிம் நூலில் பதிவாகியிருக்கிறது. அவரும் அவருடைய தந்தையும் மதீனாவுக்குப் போகும் வழியில் குறைஷிகளிடம் பிடிபட்டார்கள். நபியோடு சேர்ந்து எங்களை எதிர்த்துப் போரிடக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு குறைஷிகள் விட்டார்கள். அடுத்து வந்தது பத்ருப் போர். ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட நேரம் அது. வாக்கு வாங்கியவர்களோ இணைவைப்போர், அதுவும் போரில் எதிரே நிற்பவர்கள். அப்படியிருந்தும் நபி (ஸல்) அவர்கள், கொடுத்த வாக்கைக் காப்போம் என்று சொல்லி இருவரையும் போரில் சேர்க்காமல் திருப்பி அனுப்பினார்கள்.

வணிகர்கள் கவனிக்க வேண்டியது முகீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. இஸ்லாத்துக்கு வருமுன் அவர் தம்மோடு பயணம் செய்த இணைவைப்போரைக் கொன்று, அவர்கள் பொருளை எடுத்துக்கொண்டு வந்தார். நபி (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள்? உன் இஸ்லாத்தை ஏற்கிறேன், அந்தப் பொருளோடு எனக்குச் சம்பந்தமில்லை என்ற கருத்தில் சொன்னார்கள். இது புகாரியில் ஹுதைபிய்யா பற்றிய நீண்ட ஹதீஸில் வருகிறது. நம்பிப் பழகியவரை ஏமாற்றி வந்த பொருள், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், நபியவர்களின் கையில் இடம் பெறவில்லை. முஸ்லிம் அல்லாதார் நாட்டில் அபயம் பெற்று வாழ்பவர் அங்குள்ளோரின் பொருளில் மோசடி செய்யக் கூடாது என்று ஷாஃபிஈ இமாம் அவர்கள் எழுதியதும் இதன் அடிப்படையில்தான். ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்களிலும் இதே முடிவுதான்.

'நான் எப்போது இந்த நாட்டோடு ஒப்பந்தம் செய்தேன்?' என்று கேட்கலாம். வாக்களிக்கிறோம். பாஸ்போர்ட் வாங்குகிறோம். வழக்கு வந்தால் நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கேட்கிறோம். இவையெல்லாம் ஒப்பந்தத்தின் அடையாளங்கள். அதோடு, அரசியல் சட்டம் எழுதப்பட்ட இடத்தில் நம்முடைய ஆளும் இருந்தார். 1948 நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய விவாதம் வந்தபோது, சென்னை மாகாணத்தின் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் எழுந்து, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை என்று சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். திருத்தம் தோற்றது. காயிதே மில்லத் சபையை விட்டு ஓடவில்லை. பிறகும் நாடாளுமன்றத்துக்குள் இருந்தே அதே கருத்துக்காக வாதாடினார். மறுப்பைப் பதிவு செய்துகொண்டு உடன்படிக்கையில் நிற்பது நமக்குப் புதிய பாடம் அல்ல.

எந்தச் சட்டம், எந்த வகை?

சட்டங்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

மார்க்கம் தடுத்ததை இந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது: வட்டி, மது. அனுமதி என்றால் கட்டளை அல்ல. டாஸ்மாக் கடை திறந்திருப்பதால் யாரும் நம்மைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கவில்லை. இங்கே மோதலே கிடையாது. விலகிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

மார்க்கம் ஆகுமாக்கியதை, அதாவது செய்தாலும் விட்டாலும் குற்றமில்லாததை, சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. எத்தனை மாடி கட்டலாம், எந்தச் சாலையில் எந்த வண்டி போகலாம், கடையில் எதை விற்கக் கூடாது என்பவை இந்த வகை. ஒரு வணிகர் நாள் முழுக்கச் சந்திக்கும் சட்டங்களில் பெரும்பாலானவை இதில்தான் அடங்கும். மூன்றாவதாக, மார்க்கம் தடுத்ததைச் செய் என்றோ கடமையை விடு என்றோ கட்டளையிடும் சட்டம். அது அபூர்வம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

கொடைக்கானல் கணக்கு

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குடியிருப்பு வீடு என்று சொல்லி வரைபட அனுமதி வாங்குகிறார். கட்டி முடித்ததும் பத்து அறைகள் போட்டு விடுதி ஆக்குகிறார். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் நாலு பேரைத் தெரியும். 2019ல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இந்த ஊரில் விதிமீறிய கட்டிடங்கள் பூட்டி முத்திரை வைக்கப்பட்டபோது, நட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மார்க்கக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

முதலாவது, அவர் விண்ணப்பத்தில் 'குடியிருப்புக்கு' என்று கையெழுத்திட்டார். அது எழுத்தில் கொடுத்த வாக்கு. எழுதும்போதே விடுதி என்று மனதில் இருந்தால் அது பொய்ச் சாட்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதற்கு எந்த அரசு என்ற கேள்வியே தேவையில்லை. பொய் எங்கும் பொய்தான்.

இரண்டாவது, கழிவுநீர். ஒரு வீட்டுக்குப் போட்ட தொட்டி பத்து அறைகளுக்குத் தாங்காது. நிரம்பி வழிந்து சரிவில் இறங்கும். இந்த மலையின் நீர் ஓடைகளாக இறங்கிப் பழனி பக்கம் பாலாறு பொருந்தலாறு அணைக்கும் போகிறது. கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள், தண்ணீருக்காக மேலே போய் மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் நம் பகுதியிலேயே ஓட்டை போட்டுக்கொள்வோமே என்று நினைத்த உவமை புகாரியில் வருகிறது. அவர்களை விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அங்கே கீழே இருந்தவன் ஓட்டை போட நினைத்தான். இங்கே மேலே இருப்பவன் போடுகிறான். 'என் இடம், என் பணம்' என்பது இரண்டு இடத்திலும் ஒரே வாதம்தான். கடைகளில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மறைத்து விற்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸில், ஆள் எண்ணிக்கையையும் தங்கும் இடத்தையும் மாற்றி எழுதிக்கொடுக்கும் இளைஞர்கள் முதல் கணக்கில் வருவார்கள்.

மூன்றாவது, லஞ்சம். கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபியவர்கள் சபித்தார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தனக்கு உரிமையானதைத் தராமல் அதிகாரி இழுத்தடித்து, வேறு வழியே இல்லாமல் போனால், கொடுத்தவர் மேல் குற்றமில்லை, வாங்கியவர் மேல்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். இந்தச் சலுகையைத்தான் நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் இழுக்கிறார்கள். உரிமையில்லாத மாடியைக் கட்டுவதற்குக் கொடுக்கும் பணம் இதில் சேரவே சேராது.

'பெரியவர்கள் மீறினால் கேட்க ஆளில்லையே' என்பீர்கள். இதே ஊரில் பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்காக அரசாங்கமே 1994ல் விதியைத் தளர்த்திக் கூடுதல் மாடிகளுக்கு அனுமதி கொடுத்தது. பழனி மலை பாதுகாப்புக் குழு வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் 1995ல் அந்த ஆணையை ரத்து செய்தது. அந்த விவகாரத்தில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கே 2000 பிப்ரவரியில் தனி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தீர்ப்புகள் பற்றி எனக்கு இங்கே பேச்சில்லை. ஆள்பவரின் கையெழுத்தும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்பதை இந்த மலை பார்த்திருக்கிறது. நாம் உடன்பட்டிருப்பது ஆளோடு அல்ல, சட்டத்தோடு.

வரி

'ஜகாத் கொடுக்கிறோமே, ஜி.எஸ்.டி. எதற்கு?' இதுவும் அடிக்கடி வருகிறது. ஜகாத் தவிர வேறு வரி கூடுமா என்பதில் அறிஞர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. பொதுத் தேவைக்குக் கருவூலம் போதாதபோது வசூலிக்கலாம் என்று கஸ்ஸாலி இமாம் போன்றோர் அனுமதித்திருக்கிறார்கள். அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். வாடிக்கையாளருக்குப் போடும் பில்லில் வரி என்று தனியாக எழுதி 50 ரூபாய் வாங்கினீர்கள். அந்த 50 ரூபாய் உங்கள் லாபமா? அல்ல. அரசுக்குச் சேர்ப்பேன் என்று சொல்லி அவரிடமிருந்து வாங்கிய அமானிதம். வரி நியாயமானதா இல்லையா என்ற கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதை வைத்துக்கொண்டால் மோசடி.

எல்லை எங்கே?

நபி (ஸல்) அவர்கள் ஒரு படையை அனுப்பி, அன்சாரி ஒருவரைத் தலைவராக்கினார்கள். அவர் வழியில் கோபம் கொண்டு, விறகு சேர்த்து நெருப்பு மூட்டி, எனக்குக் கட்டுப்படுவதானால் இதில் இறங்குங்கள் என்றார். நெருப்புக்குத் தப்பத்தானே நபியிடம் வந்தோம் என்று அவர்கள் தயங்கி நின்றார்கள். செய்தி நபியவர்களுக்கு எட்டியது. இறங்கியிருந்தால் வெளியே வந்திருக்க மாட்டார்கள், கட்டுப்படுதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்றார்கள். நபியவர்களே நியமித்த தலைவருக்கு இந்த எல்லை என்றால் மற்றவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

அப்படி ஒரு கட்டளை வந்தால் என்ன செய்வது? கேரளத்தில் 1985ல் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதம் பாடும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். பாட மட்டும் மறுத்தார்கள், தங்கள் நம்பிக்கை தடுக்கிறது என்று. அவர்கள் கலாட்டா செய்யவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1986 ஆகஸ்டில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தின் 25வது பிரிவு அவர்களைக் காத்தது. அந்தப் பிரிவிலேயே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்ற வரையறை இருக்கிறது என்பதையும் நம் இளைஞர்கள் படித்து வைக்க வேண்டும். கழிவுநீர் வழக்கில் 25வது பிரிவு கைகொடுக்காது!

இதையெல்லாம் சொல்வதால், எல்லா விதிகளும் நியாயமானவை என்று நான் சொல்லவில்லை. பெரிய முதலீட்டாளருக்குத் தாங்கும் விதி பெட்டிக்கடைக்காரருக்குத் தாங்காமல் போகலாம். அப்போது வணிகர் சங்கத்தில் மற்ற சமூகத்தாரோடு சேர்ந்து மனு கொடுங்கள். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது, ரிட் போடுங்கள். ஏற்கெனவே மாற்றிக் கட்டியவர்கள் வரைபடத்தையும் அனுமதிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். முறைப்படுத்த வழி இருந்தால் விண்ணப்பியுங்கள். இல்லையென்றால், முத்திரை வைக்க அதிகாரி வரும்வரை காத்திருக்காமல் அந்த அறைகளை வாடகைக்கு விடுவதை இன்றே நிறுத்துங்கள்.