அறிமுகம் தேவையில்லாதவர்



"இவருக்கு அறிமுகமே தேவையில்லை" என்று தொடங்கி, கால் மணி நேரம் அறிமுகம் செய்வது நம் மேடைகளுக்குப் பழகிய விஷயம். "நேரத்தின் அருமை கருதி" என்று ஒருவர் சொல்லிவிட்டால் இன்னும் பத்து நிமிடம் நகராது என்று அர்த்தம். மண்டபத்தில் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். பக்கத்து நாற்காலிக்காரரிடம் குசலம் விசாரிக்கலாம், வாசலில் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். இணையவழிக் கூட்டத்தில் அது நடக்காது. கேட்பவர் கையில் கைப்பேசி இருக்கிறது. சலித்தால் ஒரு தொடுதலில் வெளியே போய்விடுவார், போனது யாருக்கும் தெரியாது. ஜூம் செயலியின் இலவசக் கணக்கில் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. நாற்பதாவது நிமிடத்தில் அது தானாகவே துண்டித்துவிடும். வரவேற்புக்குப் பன்னிரண்டு நிமிடம் போனால், விருந்தினர் பேச வேண்டிய நேரத்தில்தான் அது கழியும்.

இன்று வாசகர் வட்டங்கள், நூலகங்கள், கல்லூரி முன்னாள் மாணவர் குழுக்கள் எல்லாம் மாதம் ஒரு இணைய உரை நடத்துகின்றன. தொகுத்து வழங்கும் பொறுப்பு பெரும்பாலும் மேடைப் பழக்கம் இல்லாத ஒருவர் தலையில் விழுகிறது. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இந்த உரை.

அறிமுகத்தில் பாதி, கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிட வேண்டும். வாட்சப்பில் "தங்கள் சுயவிவரம் அனுப்பவும்" என்று கேட்டால் இரண்டு பக்கம் பி.டி.எஃப். வரும். அதில் எல்லாம் இருக்கும், ஆனால் எதைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் இருக்காது. அழைத்துப் பேசினால்தான் அது கிடைக்கும். "ஐயா, உங்களை எப்படிச் சொல்லி அழைக்கட்டும்?" என்று முதலில் கேளுங்கள். "முனைவர்னெல்லாம் வேண்டாம் தம்பி, பேரை மட்டும் சொல்லுங்க" என்பார் ஒருவர். இன்னொருவர், பாடுபட்டு வாங்கிய பட்டம், விட்டுவிடக் கூடாது என்று நினைப்பார். இரண்டுமே நியாயம்தான், கேட்காமல் நாம் ஊகிப்பதுதான் தவறு. பெயரை அவர் வாயாலேயே ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். முன்னெழுத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டுமா, ஊர்ப்பெயர் உண்டா என்பதும் அப்போதே தெளிந்துவிடும்.

அடுத்து இரண்டு கேள்விகள். "எதைச் சொல்ல வேண்டாம்?" என்பது ஒன்று. சிலர் பழைய வேலையை விட்டு மனக்கசப்போடு வந்திருப்பார்கள். சிலருக்குப் பழைய விருது ஒன்றைப் பற்றிப் பேசுவதே பிடிக்காது. இணையத்தில் தேடி எடுத்த விவரத்தில் அவை முதல் வரியிலேயே இருக்கும். "உரையை எங்கே தொடங்கப் போகிறீர்கள்?" என்பது இரண்டாவது. இதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. கேட்காவிட்டால் என்ன ஆகும்? அவர் முதலில் சொல்ல வைத்திருக்கும் அந்த அருமையான நிகழ்ச்சியை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம். பாவம், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்போது சொன்னார்களே, அதையேதான்…" என்று இழுக்க வேண்டியிருக்கும்.

இனி, அறிமுகத்தை எழுதுவது. நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்குச் சுமார் நூறு சொற்கள் போகும். இரண்டு நிமிடம் போதும், அதாவது இருநூறு சொற்களுக்குள். எடுத்துக்காட்டு இல்லாமல் இதை விளக்குவது கடினம். கற்பனையாக ஒரு கூட்டம் வைத்துக்கொள்வோம். மறைந்த கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் நம் கூட்டத்துக்கு வருகிறார், தலைப்பு "புகளூர்க் குகையில் ஒரு கல்வெட்டு".

வழக்கமான அறிமுகம் இப்படிப் போகும். 1930-ல் பிறந்தார். இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். 1977-ல் சிந்துவெளி எழுத்துகளுக்குப் பெரிய தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியர். 2003-ல் பண்டைத் தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய ஆங்கில நூல். 2009-ல் பத்மஸ்ரீ. ஒவ்வொன்றும் உண்மை, ஒவ்வொன்றும் பெருமை. ஆனால் கேட்டு முடித்தவர் மனத்தில் எதுவும் நிற்காது. இது வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கான பட்டியல்.

அறிமுகம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். இந்தத் தலைப்பில் இவர் பேசுவதை நான் ஏன் கேட்க வேண்டும்? அந்தக் கேள்வியோடு மேலே சொன்ன பட்டியலைப் பாருங்கள். சிந்துவெளி இன்றைக்கு வேண்டாம். தினமணி வேண்டாம். பத்மஸ்ரீயைச் சொல்லலாம், அரை வரியில். மிச்சம் இருப்பது என்ன? பாறை எழுத்தைப் படித்த மனிதர், பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், அரசு அதிகாரி. கோப்பு பார்த்த நேரம் போக மீதி நேரத்தில் குகை ஏறியவர். கேட்பவர் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான்.

அப்படியானால் நான் இப்படிச் சொல்வேன்: "கரூருக்குப் பக்கத்தில் புகளூர். அங்கே ஆறுநாட்டார் மலையில் ஒரு குகை. சமணத் துறவி தங்குவதற்காக அதைச் செப்பனிட்டுக் கொடுத்தவர்கள் பாறையில் எழுதி வைத்த வரிகள் அப்படியே இருக்கின்றன. நம்மில் பலர் பேருந்தில் அந்த ஊரைத் தாண்டிப் போயிருப்போம். அந்த வரிகளில் யார் பெயர் இருக்கிறது என்று 1960-களில் படித்துச் சொன்னவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர். படித்ததோடு நிற்கவில்லை, சங்க இலக்கியத்தோடு பொருத்தியும் காட்டினார். எப்படிப் படித்தார் என்பதை அவரே சொல்லப்போகிறார். 'புகளூர்க் குகையில் ஒரு கல்வெட்டு' என்ற தலைப்பில் பேச வருகிறார், ஐராவதம் மகாதேவன்."

அறுபது எழுபது சொற்கள்தான். இதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கல்வெட்டில் இருப்பவை சேர அரச குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெயர்கள், பதிற்றுப்பத்துச் சேரர்களோடு அவற்றைப் பொருத்தினார்கள் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் இப்போது சொல்லிவிட்டேன். கூட்டத்தில் சொல்ல மாட்டேன். அது விருந்தினரின் சொத்து. தனக்குத் தெரிந்ததையெல்லாம் வரவேற்புரையில் கொட்டும் ஆசை படித்தவர்களுக்குத்தான் அதிகம்.

புகழ்ச்சியையும் காணோமே என்று சிலர் கேட்கலாம். "தமிழன்னையின் தவப்புதல்வர்", "நடமாடும் பல்கலைக்கழகம்" எல்லாம் எங்கே? அவற்றை யாருக்கும் சொல்லலாம், போன மாதம் வந்தவருக்கும் சொல்லியிருப்போம். பாறை எழுத்தைப் படித்த அதிகாரி என்று இவர் ஒருவரைத்தான் சொல்ல முடியும். விருந்தினர் அதைக் கேட்கும்போது, இவர் என் வேலையைப் பார்த்திருக்கிறார் என்று உணர்வார். அன்பு என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. இன்னொன்று, திரையில் விருந்தினர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நம் புகழ்ச்சியைக் கேட்க வேண்டும். மேடையில் என்றால் தலையைக் குனிந்துகொள்வார், திரையில் எங்கே போவார்?

எழுதி முடித்ததும் விருந்தினருக்கு ஒருமுறை தொலைபேசியில் படித்துக் காட்டிவிடுங்கள். ஆண்டு, பதவி, நூலின் பெயர் எதிலாவது பிழை இருந்தால் அங்கேயே திருந்திவிடும்.

கூட்ட நாளில் அரை மணி முன்னதாக விருந்தினரை உள்ளே வரச் சொல்லுங்கள். அப்போது பார்க்க வேண்டியவை சில்லறை விஷயங்கள்தான், ஆனால் மானம் போவது அவற்றில்தான். அவர் பேரனுடைய டேப்லெட்டில் வந்திருப்பார், திரையில் "பிரணவ் ஏழு பி" என்று பெயர் தெரியும். அதை மாற்றிக் கொடுங்கள். பேசும்போது அவர் முகம் எல்லோருக்கும் பெரிதாகத் தெரிய, ஸ்பாட்லைட் வசதியை யார் போடுவது என்று கோ-ஹோஸ்டிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர்கள் மியூட்டில் இருக்கட்டும். பிரஷர் குக்கர் மூன்று விசில் அடிப்பதைக் கல்வெட்டுரையின் நடுவே கேட்க வேண்டாம்.

பதிவு செய்வதாக இருந்தால் விருந்தினரிடம் முன்பே சம்மதம் கேட்டுவிடுங்கள். பதிவுப் பொத்தானை அழுத்தியதும், பதிவு நடக்கிறது என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் அறிவிக்கும். பலரும் பேசத் தொடங்கிவிட்டு அதை அழுத்துவதால், "அனைவருக்கும் வண—" என்ற இடத்தில் அந்த அம்மாள் குறுக்கே வந்துவிடுகிறார். முதலில் அழுத்துங்கள், அவர் சொல்லி முடிக்கட்டும், பிறகு வணக்கம் சொல்லுங்கள்.

அந்த வணக்கத்திலும் ஒரு சின்ன எச்சரிக்கை. சென்னையில் இரவு ஏழு மணி என்றால் சிங்கப்பூரில் ஒன்பதரை. டொராண்டோவில் காலை, கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. "இனிய மாலை வணக்கம்" என்றால் அங்கே காலைக் காபியோடு உட்கார்ந்திருப்பவர் அந்நியமாகிவிடுவார். நம் வணக்கத்துக்குப் பொழுது கிடையாது, வெறும் வணக்கமே போதும்.

பெயரை ஏன் கடைசியில் வைத்தேன் என்று சொல்கிறேன். விருந்தினர் மியூட்டில் இருப்பார். எந்தச் சொல் வந்ததும் மைக்கைத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். "தலைப்பைச் சொல்வேன், அப்புறம் உங்கள் பெயரைச் சொல்வேன், உடனே திறந்துவிடுங்கள்" என்று முன்பே பேசி வைத்தால் தடுமாற்றம் இல்லை. பெயரைச் சொன்ன பிறகு ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள். "வாருங்கள் ஐயா, உங்கள் உரையை ஆவலோடு எதிர்நோக்கி…" என்று நீங்கள் இழுத்தால், அவரும் அதே நேரம் "வணக்கம்" என்பார், இரண்டு குரலும் மோதும், இருவரும் நிறுத்துவீர்கள், இருவரும் மறுபடி தொடங்குவீர்கள். இரண்டு மூன்று நொடி மௌனம் வந்தால் வரட்டும், இணையம் அந்த அளவு தாமதிக்கத்தான் செய்யும். ஐந்து நொடி தாண்டியும் குரல் வராவிட்டால், "ஐயா, மைக்கைத் திறக்க வேண்டும்" என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும். அவர் இணைப்பே அறுந்துபோனால், தலைப்பைப் பற்றிக் கூட்டத்தில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு சாட்டில் பதில் எழுதச் சொல்லுங்கள். அதற்குள் கோ-ஹோஸ்ட் அவரைத் தொலைபேசியில் பிடித்துவிடுவார்.

அவர் பேசத் தொடங்கியதும் உங்கள் மைக்கை அணையுங்கள், கேமராவை அணைக்காதீர்கள். எதிரே கைதட்டல் இல்லை, சிரிப்பொலி இல்லை, கறுப்புச் சதுரங்களுக்கு நடுவே அவருக்குத் தெரியும் மனித முகம் சில வேளை உங்களுடையது மட்டும்தான். அதனால் முன்னதாகவே இரண்டு மூன்று நண்பர்களிடமும் கேமராவைத் திறந்து வைக்கச் சொல்லிவிடுங்கள். முதல் பத்து நிமிடமாவது கைப்பேசியில் வேறு எதையும் பார்க்காமல், அவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருங்கள்.