ஒன்பது கட்டம் போதுமா?

இருப்பிடத் தரவுகளைப் பற்றிய இந்தக் கருத்தரங்கில் தலைமை உரை என்ற பெயரில் பொதுவாகப் பேசிவிட்டு உட்கார எனக்கு விருப்பமில்லை. நம் துறையில் கேள்வி கேட்காமல் எல்லோரும் பின்பற்றும் ஒரு விதியை இன்று கொஞ்சம் சீண்டிப் பார்க்கிறேன். “பயனர் நிற்கும் கட்டத்தையும் அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் பார்த்தால் போதும்” என்பது அந்த விதி. டேட்டிங் ஆப் ஒன்றில் பக்கத்தில் இருப்பவர்களைத் தேடும் வேலையை வைத்து அதைப் பார்க்கலாம்.

கட்டங்கள் ஏன் தேவைப்பட்டன என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். அட்சரேகைக்கு மட்டும் ஓர் இன்டெக்ஸ் போட்டுத் தேடினால், பூமியைச் சுற்றி ஒரு பட்டையில் இருக்கும் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். இரண்டு எண்களை ஒரே எண்ணாகப் பின்னிவிட்டால் சாதாரண இன்டெக்ஸே போதும். 1966இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் மார்ட்டன் எழுதிக்காட்டிய வழி இது. 2008இல் குஸ்தாவோ நீமேயர் அதே பின்னலை எழுத்துகளாக்கி ஜியோஹாஷ் என்று வெளியிட்டார். உலகத்தை மாறி மாறிக் குறுக்கும் நெடுக்குமாகப் பாதியாக்கிக்கொண்டே போவதுதான் முறை. ஐந்து முறை பாதியாக்கினால் ஓர் எழுத்து கிடைக்கும். முன்னெழுத்துகள் ஒன்றாக இருக்கும் இருவர் ஒரே கட்டத்தில் இருக்கிறார்கள்.

இதைத் தலைகீழாக்கி, பக்கத்தில் இருந்தால் முன்னெழுத்துகள் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். லண்டனில் கிரீனிச் பூங்காவுக்குப் போவோம். அங்கே பூஜ்ய தீர்க்கரேகைக்குக் கிழக்கே ஓரடி தள்ளி நிற்பவரின் குறியீடு `u10hb` என்று தொடங்கும். மேற்கே ஓரடி தள்ளி நிற்பவருக்கு `gcpuz`. கைகுலுக்கும் தூரத்தில் நிற்கும் இருவருக்கு முதல் எழுத்தே ஒத்துப்போகவில்லை. (பயணிகள் காலை அகட்டி நின்று படம் எடுத்துக்கொள்ளும் பித்தளைக் கோட்டில் இதைச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். ஜி.பி.எஸ். கணக்கின் பூஜ்யக் கோடு அதற்குக் கிழக்கே சுமார் 102 மீட்டர் தள்ளிப் பூங்காவுக்குள் போகிறது.)

இந்தச் சிக்கலுக்கு மருந்தாக வந்ததுதான் ஒன்பது கட்ட விதி. பக்கத்துக் கட்டங்களின் குறியீடுகளையும் கணக்கிட்டுச் சேர்த்துத் தேடினால் `gcpuz`காரர் கிடைத்துவிடுவார். சரிதான். ஆனால் இந்த மருந்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு கட்டத்தின் அகலமும் உயரமும் தேடும் ஆரத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. ஐந்தெழுத்துக் கட்டம் 4.9 கி.மீ.க்கு 4.9 கி.மீ. என்று அட்டவணைகளில் பார்த்திருப்பீர்கள். அது நிலநடுக்கோட்டுக் கணக்கு. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவரும், உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் சுருங்கும்:

```
அகலம் (கி.மீ.) = (360 / 2^13) × 111.32 × cos(அட்சரேகை)
```

சிங்கப்பூரில் இது ஏறக்குறைய 4.9 கி.மீ. கிரீனிச்சில் 3.05 கி.மீ. நார்வேயின் டிரோம்சோவில் 1.7 கி.மீ.தான்.

ஆரம் 4 கி.மீ. என்று வைத்து, சிங்கப்பூரில் சோதித்துத் திருப்தியான ஓர் ஆப்பை லண்டனில் திறக்கிறோம் என்று கொள்வோம். கிரீனிச்சில் கோட்டுக்குக் கிழக்கே ஒட்டி நிற்கும் பெண்ணுக்கு மேற்குப் பக்கம் ஒரே ஒரு கட்டம்தான் சேர்கிறது. அது 3.05 கி.மீ.யில் முடிந்துவிடும். நன்ஹெட் ரயில் நிலையம் அவருக்குத் தென்மேற்கே சுமார் 3.8 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஆரத்துக்குள்தான். ஆனால் அதன் தீர்க்கரேகை இரண்டாவது கட்டத்தில் விழுவதால், அங்கே இருப்பவர் பட்டியலிலேயே வரமாட்டார். கிழக்கே அதே தூரத்தில் இருப்பவரோ ஒழுங்காக வந்துவிடுவார்.

இந்தப் பிழை வெளியே தெரியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது. உணவகம் தேடும் ஆப்பில் கடை விடுபட்டால் கடைக்காரர் சண்டைக்கு வருவார். இங்கே யார் காட்டப்படவில்லை என்பது யாருக்கும் தெரியாது. நன்ஹெட்காரர் பக்கமிருந்து தேடினாலும் கிரீனிச் இரண்டு கட்டம் தள்ளித்தான் இருக்கும், ஆகவே இரண்டு பேருக்கும் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமலே போகும். புகார் வராது. நாமாகத் தேடிப் பிடிக்க வேண்டும். சில பயனர்களை எடுத்து, இன்டெக்ஸே இல்லாமல் எல்லோருக்குமான தூரத்தையும் கணக்கிட்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். இன்டெக்ஸ் தந்த பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டவர்கள் எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் கிழக்கிலும் மேற்கிலுமே குவிந்திருந்தால் அகலம்தான் குற்றவாளி.

ஓர் எழுத்தைக் குறைத்து நான்கெழுத்துக் கட்டத்துக்குப் போய்விடலாமே என்பார்கள். லண்டனில் அப்படி ஒன்பது கட்டம் எடுத்தால் ஏறக்குறைய 4,300 சதுர கி.மீ. வரும். நமக்கு வேண்டிய வட்டமோ 50 சதுர கி.மீ. சற்றே மெனக்கெட்டால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஆரத்தை அந்த இடத்து டிகிரிகளாக மாற்றுங்கள். கிரீனிச்சில் 4 கி.மீ. என்பது வடக்கு தெற்கில் 0.036 டிகிரி, கிழக்கு மேற்கில் 0.058 டிகிரி. அந்தச் செவ்வகம் தொடும் ஐந்தெழுத்துக் கட்டங்களை எண்ணினால் நம் பெண்ணுக்கு நான்கு பத்தி, மூன்று வரிசை, ஆகப் பன்னிரண்டு கட்டம். பரப்பு சுமார் 180 சதுர கி.மீ. வட்டத்தைப் போல மூன்றரை மடங்கு மட்டுமே. அதற்குள் இருப்பவர்களுக்குத் துல்லியமான தூரம் கணக்கிட்டு மிச்சத்தைக் கழித்துவிடலாம். கட்டம் வெறும் சல்லடை. யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தூரம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்தச் செவ்வக வழியும் ஓரிடத்தில் சறுக்கும். ஃபிஜியின் டவேயுனி தீவுக்குள் 180 டிகிரிக் கோடு போகிறது. ஒரு பக்கம் குறியீடு `r` என்று தொடங்கும், மறுபக்கம் `2`. அங்கே செவ்வகத்தின் இடது எல்லை வலது எல்லையைவிடப் பெரிய எண்ணாகிவிடுவதால் தேடலுக்கு யாருமே சிக்கமாட்டார்கள். செவ்வகத்தை இரண்டாக வெட்டித் தேடினால் தீர்ந்தது.

எல்லைக்கு இன்னொரு முகமும் உண்டு. கட்டத்தின் எல்லை ஆளை மறைக்கிறது என்றால், தூரத்தின் எல்லை ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. 2021இல் பம்பிள் ஆப்பில் ராபர்ட் ஹீட்டன் இதைச் செய்து காட்டினார். முழு எண்ணாக்கிக் காட்டும் தூரம் ஒன்றிலிருந்து அடுத்த எண்ணுக்குத் தாவும் இடத்தைக் கண்டுபிடித்தால், அந்தக் கணத்தின் சரியான தூரம் தெரிந்துவிடும். அப்படி மூன்று இடம் கிடைத்தால் ஆள் இருக்கும் இடத்தைக் குறித்துவிடலாம். காட்டும் தூரத்தை மட்டும் மழுப்பிவிட்டுத் தப்பிக்க முடியாது என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். 4 கி.மீ. என்ற தேடல் ஆரமும் அதே மாதிரி ஒரு தாவும் கோடுதான். துல்லியமான இடத்தை வைத்து வடிகட்டினால், ஒருவர் பட்டியலில் தோன்றி மறையும் இடமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வடிகட்டுவதற்கும் காட்டுவதற்கும் ஒரே மாதிரி, அவர் நிற்கும் ஆறெழுத்துக் கட்டத்தின் மையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் அது ஒருவரின் இடத்தை அரை கி.மீ. வரை நகர்த்திவிடும். டேட்டிங் ஆப்புக்கு அந்தப் பிழை அதிகமில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் பிற்பகல் விவாதத்தில் என்னை விடாதீர்கள்.

கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் அளவீடுகள் எந்த அட்சரேகையில் எடுத்தவை என்பதை முதல் படத்திலேயே சொல்லிவிடுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.