அண்ணப் பிளவுள்ள குழந்தைக்குப் பால் கொடுப்பது எப்படி?



முகாமிலிருந்து ஊர் திரும்பிய ஒரு தாயின் கதையோடு தொடங்குகிறேன். அவருடைய மகள் அண்ணப் பிளவுடன் பிறந்தவள். பிறந்த நிறை 2.8 கிலோ. மூன்றாம் கிழமையில் நிறுத்தபோது 2.6 கிலோதான் இருந்தது. "ஒரு மணித்தியாலமாக மார்பிலேயே கிடக்கிறாள், பிறகு களைத்து நித்திரையாகிறாள்" என்றார் தாய். பால் குறைவில்லை. அண்ணத்தில் பிளவு இருந்தால் வாய்க்குள் காற்று நுழையும். குழந்தையால் பாலை உறிஞ்சி இழுக்க முடியாது. உதட்டில் மட்டும் பிளவுள்ள பல குழந்தைகள் மார்பிலேயே நன்றாகக் குடிப்பார்கள்.

குடும்பநல உத்தியோகத்தர் அவருக்குக் காட்டியது இதுதான். தாய்ப்பாலைக் கையால் கறந்து எடுக்க வேண்டும். முதற்கிழமைக்குப் பின் நாளொன்றுக்கு ஒரு கிலோ நிறைக்கு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் தேவை. இந்தக் குழந்தைக்கு அது 390. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர்.

குழந்தையைத் தலை உயர்ந்திருக்க, நிமிர்த்தி மடியில் வையுங்கள். அமத்தக்கூடிய மென்மையான போத்தல் கிடைத்தால், சூப்பியைப் பிளவில்லாத பக்கமாக வையுங்கள். குழந்தை சூப்பும்போது மெதுவாக அமத்துங்கள். விழுங்கும்போது கையைத் தளர்த்துங்கள். சூப்பியின் துளையை நீங்களாகப் பெரிதாக்க வேண்டாம், புரைக்கேறும். போத்தல் இல்லையென்றால் சிறு கிண்ணமும் கரண்டியும் போதும், கழுவுவதும் சுலபம். எதைப் பாவித்தாலும் கழுவியபின் 10 நிமிடம் கொதிநீரில் அவியுங்கள். மீந்த பாலை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

மூக்கால் சிறிது பால் வந்தால் பயப்பட வேண்டாம். நிறுத்தி, துடைத்து, மீண்டும் கொடுங்கள். இருமித் திணறினாலோ உதடு நீலித்தாலோ உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒரு வேளைப்பால் 30 நிமிடத்துக்கு மேல் இழுபட்டால், குடிப்பதைவிடக் களைப்பே அதிகம் என்று அறியுங்கள். ஒவ்வொரு கிழமையும் நிறுத்துப் பாருங்கள். அந்தக் குழந்தை அடுத்த கிழமையே 200 கிராம் கூடியிருந்தாள்.

ஆறு மாதம் நிறைந்ததும் மற்றக் குழந்தைகளைப் போலவே மசித்த உணவு கொடுக்கலாம். உதட்டுச் சத்திரசிகிச்சை பொதுவாக 3 முதல் 6 மாதத்திலும், அண்ணத்துக்கானது 9 முதல் 18 மாதத்திலும் நடக்கும். குழந்தையின் நிறை போதாவிட்டால் திகதி தள்ளிப்போகும். இக்குழந்தைகளின் காதில் நீர் தேங்குவதுண்டு. ஆகவே செவிப்புலனையும் சோதிக்கக் கேளுங்கள்.

சத்திரசிகிச்சைத் திகதி பழைய முகாம் முகவரிக்குப் போனால் உங்கள் கைக்கு வராது. ஊருக்கு வந்ததும் கிளினிக் கொப்பியுடன் குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தித்துப் பதியுங்கள். ஆஸ்பத்திரிக்கும் புதிய முகவரியைக் கொடுங்கள்.

கிரகணத்தில் தாய் கத்தியைத் தொட்டதால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கருவின் முதல் மூன்று மாதத்துக்குள் உதடும் அண்ணமும் பொருந்தாமல் போவதே பிளவு. அதற்கும் கிரகணத்துக்கும் தொடர்பில்லை, தாயிலும் குற்றமில்லை.