கூறுபோட்ட வேலையும் கூட்டுப் பொறுப்பும்

(தொழிற்சங்க ஊழியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தொழிலாளிக்கு வேலையில் ஊக்கமில்லை என்பது நிர்வாகங்களின் நெடுநாள் புகார். ஊக்கத்தை அவன் மனத்தில் தேடுவதற்கு முன், வேலை எவ்வாறு வகுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிக்கூடம் ஒன்றை லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் ஆராய்ந்தார். 224 தறிகள், 29 தொழிலாளர்கள், 12 வகை வேலைகள். ஒரு நெசவாளர் 24 முதல் 32 தறிகளைக் கவனித்தார். பாபின் நிரப்புபவர் 40 முதல் 50 தறிகளைக் கவனித்தார். ஒருவரின் எல்லை இன்னொருவரின் எல்லையோடு பொருந்தவில்லை. ஆகவே ஒரு தறி நிற்கும்போது, அதற்கு வேண்டியவர் வேறொரு நெசவாளரிடம் இருப்பார். துணியில் பழுது விழுந்தால் யார் பொறுப்பு என்றும் சொல்ல இயலாது. புதிய எந்திரம் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயராததில் வியப்பென்ன?

ஒரு தறித் தொகுதியை ஒரு சிறு குழு முழுமையாக ஏற்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. தொழிலாளர்கள் அதை உடனே பற்றிக்கொண்டு, குழுக்களைத் தாங்களே அமைத்தனர். ஏழு பேருக்கு 64 தறிகள். தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது. நிலைபெற்ற பின் தறிகளின் செயல்திறன் 80 சதவீதத்திலிருந்து 95 ஆக உயர்ந்தது. பழுது 32 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. ஆட்கள் மாறவில்லை, வேலையின் அமைப்புதான் மாறியது.

பின்னர் 1970களில் ஹாக்மன், ஓல்ட்ஹாம் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதை ஐந்து பண்புகளாக வகுத்தனர்: பலவகைத் திறன், முழுமையான பணி, பிறருக்கு அதனால் விளையும் பயன், சுயமாக முடிவெடுத்தல், விளைவை வேலையிலிருந்தே அறிதல். பாபின் மட்டும் நிரப்பியவருக்கு இவற்றில் ஏறத்தாழ எதுவுமில்லை. குழுவில் சேர்ந்த பின், நெய்து முடிந்த துணி அவர் கண்முன் நின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இரண்டு தறிக்குப் பதில் நான்கு தறி தருவது வேலை வளப்படுத்தல் அல்ல, வேலைப்பளு. ஹெர்ஸ்பர்க் என்ற உளவியலாளரே இந்த வேறுபாட்டை வலியுறுத்தினார். திட்டமிடவும், தரம் பார்க்கவும், எந்திரத்தை நிறுத்தவும் அதிகாரம் கைமாறினால்தான் வேலை வளம் பெறும். புதுத்திட்டம் வரும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு செய்தி. 1970இல் எரிக் மில்லர் அதே ஆலைக்கு மீண்டும் சென்றார். ஒரு கூடத்தில் குழுமுறை பெருமளவு நிலைத்திருந்தது. மற்றக் கூடங்களில் அது பல்வேறு அளவில் தேய்ந்து, பழைய முறை திரும்பியிருந்தது. நிர்வாகம் விரும்பித் தந்த சுயாட்சிக்கு ஒப்பந்தப் பாதுகாப்பு தேவை. ஆகவே குழுவின் ஆள் எண்ணிக்கை, பணிப் பங்கீட்டு உரிமை, கூடுதல் உற்பத்தியில் கூலிப் பங்கு ஆகிய மூன்றையும் அடுத்த கூலி ஒப்பந்தக் கோரிக்கையில் தனித்தனிப் பிரிவுகளாக எழுதுங்கள்.