இரண்டு மஹாபாரதங்கள்: மாறியது மூலமா, மொழியா?

(நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தில்லியில் நம் வீடுகள் பலவற்றில் இன்று மஹாபாரதம் இரண்டு தமிழில் இருக்கிறது. பெரியவர்கள் வைத்திருப்பது கும்பகோணம் பதிப்பு. ம.வீ. இராமானுஜாசாரியார் ஸம்ஸ்கிருத பண்டிதர்கள் பலரைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளியிட்டு முடித்தது. இளையவர்கள் கணினியிலும் கைப்பேசியிலும் படிப்பது செ. அருட்செல்வப்பேரரசன் 2013-ல் தொடங்கி 2020 ஜனவரியில் நிறைவு செய்த மொழிபெயர்ப்பு. ஒரே வீட்டில் இரண்டையும் படித்தால் சந்தேகம் வருகிறது. "பழையதில் இருக்கிறது, புதியதில் இல்லையே, இவர் மாற்றிவிட்டாரா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தச் சந்தேகம் ஒருவருடைய ஏழு வருஷ உழைப்பின் நாணயத்தைப் பற்றியது. ஆகவே நிதானமாகப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எதைப் பார்த்து மொழிபெயர்த்தார்கள்? பழைய பதிப்பு தென்னாட்டுப் பாடத்தைத் தழுவியது. தெலுங்கு, கிரந்த, மலையாள லிபிச் சுவடிகளில் வழங்கி வந்த பாடம் அது. அந்தப் பாடத்தை முக்கியமாகக் கொண்ட ஸம்ஸ்கிருத மூலத்தையும் டி.ஆர். கிருஷ்ணாசார்யரும் டி.ஆர். வியாஸாசார்யரும் கும்பகோணத்திலிருந்து 1906 முதல் 1910 வரை வெளியிட்டார்கள். புதிய மொழிபெயர்ப்பு நேரே ஸம்ஸ்கிருதத்திலிருந்து வந்ததல்ல. கிஸாரி மோகன் கங்குலி 1883 முதல் 1896 வரை செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தமிழாக்கம் அது. அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கங்குலி கையாண்டவை கல்கத்தா, பம்பாய் அச்சுப் பதிப்புகள், அதாவது வடநாட்டுப் பாடம். ஆக, இரண்டு தமிழுக்கும் அடியில் இரண்டு வெவ்வேறு மூலங்கள் இருக்கின்றன. புதியதற்கு நடுவில் ஓர் ஆங்கிலமும் இருக்கிறது.

இப்போது எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஸபா பர்வத்தில் துச்சாஸனன் துகிலுரியும் இடம். கங்குலியில் ஸபா பர்வத்தின் 67-ஆம் பகுதி. பூனா பண்டார்க்கர் ஆய்வுக் கழகத்தின் ஆய்வுப் பதிப்பில் 61-ஆம் அத்தியாயம். அத்தியாய எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் எண்ணை வைத்துத் தேடாமல் நிகழ்ச்சியை வைத்துத் தேட வேண்டும்.

தென்னாட்டுப் பாடத்தில், பேராபத்து வந்தால் ஹரியை நினைக்க வேண்டும் என்று முன்பு வஸிஷ்டர் சொன்னதைத் திரௌபதி நினைவுகூருகிறாள். பிறகு சங்கு, சக்கரம், கதை ஏந்தியவனைச் சரணாகதி என்று அழைக்கிறாள். நம் வீட்டுப் பெண்மணிகள் நித்தியம் சொல்லும் சுலோகம் இதுதான். வடநாட்டுப் பாடத்தில் பிரார்த்தனை உண்டு, ஆனால் அந்தச் சுலோகம் இல்லை. அங்கே கோவிந்தா, துவாரகையில் வசிப்பவனே, கோபியருக்குப் பிரியமானவனே என்று வேறு பெயர்களால் அழைக்கிறாள். அதன் பிறகு, தர்மம் மறைந்து நின்று பலவித வஸ்திரங்களால் அவளை மூடியது என்று வருகிறது.

புதிய தமிழில் வஸிஷ்டரைக் காணோம், தர்மம் வந்து மூடுகிறது என்றால், அது மொழிபெயர்ப்பாளர் செய்த மாற்றம் இல்லை. அந்த மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது. இதற்கு மூன்றாவது சாட்சியும் உண்டு. ஸபா பர்வத்தின் ஆய்வுப் பதிப்பைத் தயாரித்தவர் பிராங்க்ளின் எட்ஜர்டன் என்ற அமெரிக்க அறிஞர். அது 1944-ல் வந்தது. அவர் பல பிராந்தியச் சுவடிகளை ஒப்பிட்டு, இந்த இடத்தில் பிரார்த்தனையையே மூலத்திலிருந்து எடுத்து அடிக்குறிப்பில் வைத்துவிட்டார். அவருடைய முடிவின்படி வஸ்திரம் வளர்கிறது, யார் வளர்த்தார் என்று சொல்லப்படவில்லை. தில்லியில் வாழ்ந்த விவேக் தேப்ராய் 2010 முதல் 2014 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இந்த ஆய்வுப் பதிப்பைத் தழுவியது. அதைப் படிப்பவருக்கு அங்கே பிரார்த்தனை கிடைக்காது. பிரார்த்தனையைப் பிற்சேர்க்கை என்று கொள்வதா, இல்லையா என்பது தனி விவாதம். மூன்று புத்தகங்களும் தத்தம் மூலத்துக்கு விசுவாசமாகவே இருக்கின்றன என்பதுதான் இங்கே விஷயம்.

அடுத்தது, மொழி வழக்கு மாறியதால் வரும் வித்தியாசம். இதே கட்டத்தில் திரௌபதியை 'தாஸீ' என்று அழைக்கிறார்கள். வடக்கு, தெற்கு இரண்டு பாடங்களிலும் இந்தச் சொல் உண்டு. ஸம்ஸ்கிருதத்தில் இதற்கு அடிமைப்பெண், பணிப்பெண் என்று பொருள். தமிழில் 'தாசி' என்று இன்று எழுதினால் படிப்பவர் மனத்தில் வேறு அர்த்தம் தோன்றும். எனவே இன்று எழுதுபவர் 'அடிமை' என்றால் அவர் மூலத்தை மாற்றவில்லை, மூலத்தின் பொருளைக் காப்பாற்றுகிறார். யுத்தம் போராவதும், ஸ்திரீ பெண்ணாவதும், புத்திரன் மகனாவதும் இந்த வகைதான். நூறு வருஷத்துக்கு முந்திய பண்டிதர் தமிழுக்கும் இன்றைய தமிழுக்கும் உள்ள தூரம் அது.

மூன்றாவது வகையைப் பலர் கவனிப்பதில்லை. அது நடுவிலுள்ள ஆங்கிலத்தால் வருவது. புதிய மொழிபெயர்ப்பில் "ஓ! மன்னா" என்ற விளி அடிக்கடி வரும். இது தமிழ் வழக்கு மாறியதால் வந்ததல்ல, ஸம்ஸ்கிருத மூலத்தில் உள்ளதும் அல்ல. ஸம்ஸ்கிருதத்தில் 'ராஜன்' என்ற விளிவேற்றுமை மட்டுமே இருக்கும். அதைக் கங்குலி விக்டோரியா காலத்து ஆங்கில மரபுப்படி 'ஓ கிங்' என்றார். அந்த 'ஓ' தமிழுக்கும் வந்துவிட்டது. 'தர்மம்' என்ற ஒரே சொல்லைக் கங்குலி இடத்துக்கு ஏற்ப ஒழுக்கம், நற்குணம், கடமை என்ற பொருள்தரும் வெவ்வேறு ஆங்கிலச் சொற்களால் பெயர்ப்பதும் இப்படித்தான். அது தமிழில் மறுபடி பெயரும்போது, மூலத்தில் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்பது மறைந்துவிடும். பீஷ்மர் தர்மம் சூக்ஷ்மமானது என்று பதில் சொல்லும் இடத்தில் இது முக்கியம். திரௌபதி கேட்டதும் தர்மத்தைப் பற்றித்தான்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு சுலபமான வழி சொல்கிறேன். யார் செய்தார், யார் பேசினார், எத்தனை பேர், எது முன், எது பின் என்பவற்றில் வித்தியாசம் இருந்தால் முதலில் மூலத்தைச் சந்தேகியுங்கள். வழக்கு மாறுவதால் நிகழ்ச்சி மாறாது. உதாரணமாக ஆதி பர்வத்தில் தென்னாட்டுச் சுவடிகளில் யயாதி கதை முன்னும் சகுந்தலை கதை பின்னும் வரும். வடநாட்டுச் சுவடிகளில் இது தலைகீழ். நிகழ்ச்சி ஒன்றாக இருந்து சொல் மட்டும் வேறானால், அந்த இடத்தின் ஸம்ஸ்கிருதச் சொல்லைப் பாருங்கள். இரு பாடத்திலும் அதே சொல் என்றால், மிஞ்சுவது வழக்கு அல்லது ஆங்கிலம். கங்குலியைத் திறந்தால் எது என்று தெரிந்துவிடும்.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. அர்ஜுனனைப் பார்த்தன், தனஞ்ஜயன், பல்குனன் என்று மாற்றிச் சொல்லும் பெயர்களில் இது உறுதியான தீர்ப்புத் தராது. சுவடிக்குச் சுவடி பெயர் மாறும். எளிமைக்காக மொழிபெயர்ப்பாளரும் மாற்றலாம். அங்கே அந்தந்த சுலோகத்தைத்தான் பார்க்க வேண்டும். புதிய மொழிபெயர்ப்பில் அடைப்புக்குறிக்குள் வரும் பெயர்கள், இன்னார் என்று வாசகருக்குத் தெரிவிக்க மொழிபெயர்ப்பாளர் சேர்த்தவை. அதே ஆசிரியர் தம் அடிக்குறிப்புகளில் பல இடங்களில், கும்பகோணம் பதிப்பில் இங்கே இப்படி இருக்கிறது என்று தாமே குறித்திருக்கிறார். மறைக்க நினைப்பவர் அப்படிச் செய்யமாட்டார்.

ஆகவே பாராயணத்துக்கும், நம் உபந்நியாசங்களில் கேட்ட கதையைத் தேடுவதற்கும் கும்பகோணம் பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். தில்லியில் பிறந்து வளர்ந்து, அந்தத் தமிழ் பிடிபடாத குழந்தைகள் புதியதைப் படிக்கட்டும். இரண்டும் முரண்படும் இடத்தில் பக்கத்தைக் குறித்து வைத்து, நிகழ்ச்சியா, சொல்லா, ஆங்கிலமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் நின்றால், அந்த இடத்தை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மூல சுலோகத்தை வைத்துக்கொண்டு சேர்ந்து பார்ப்போம்.