படத்திலிருந்து கல்வனோமானியை இனங்காணல்

ஆய்வுகூடத்துக் கல்வனோமானி பழுதாகிவிட்டது. ஆசிரியர் அதனைப் படம்பிடித்துக் கடைக்கு அனுப்புகின்றார். வந்து சேர்வதோ அதே பெட்டியையுடைய அம்பியர்மானி. மீற்றர்ப் பாலத்தில் இணைத்தால் முள் அசையக் காணோம். அத்துணைச் சிறிய மின்னோட்டத்தை அது உணராது.

பெட்டியை நம்பலாகாது, முகப்பையே பார்த்தல் வேண்டும். நடுவில் பூச்சியமும் இருபுறமும் 30 வரை பிரிவுகளும் இருந்து, அம்பியருக்குரிய அலகெழுத்து இல்லையாயின், அது பெரும்பாலும் கல்வனோமானியே. குதிரை இலாடக் குறி இயங்குசுருள் வகையைக் குறிப்பது. அம்பியர்மானியிலும் அது உண்டாதலால் அதனைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. ஆகவே கண்ணாடியில் ஒளி தெறியாதவாறு, முகப்பை நேரெதிரே நின்று படம்பிடித்தல் நன்று.

முகப்பில் அச்சிடப்பட்டிருந்தாலன்றிச் சுருளின் தடையைப் படம் காட்டாது. பாலத்தில் முள் பூச்சியத்தில் நிற்பதையே பார்ப்பதால் அங்கு இது பெரிதன்று. கல்வனோமானியை அம்பியர்மானியாக மாற்றும் பரிசோதனையிலோ நிலைமை வேறு. பழைய சுருள் 100 ஓம். அதற்கெனக் கணித்த பக்கத்தடை அலுமாரியில் இருக்கின்றது. புதியது அதே உணர்திறனுடன் 50 ஓமாயின், ஏறத்தாழப் பாதி மின்னோட்டத்திலேயே முள் கடைக்கோடியை எட்டிவிடும். தடையின் அளவைக் கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற பின்னரே பணம் செலுத்துதல் தகும்.